பிள்ளை பெற்ற வீட்டுக்கு 200 வெள்ளியில் என்ன செய்யலாம்?

"என்னோடு வேலை செய்யும் தங்கச்சி ஒருத்திக்கு ஆப்பரேஷன் செய்து முதல் பிள்ளை பிறந்திருக்கிறது. வீட்டுக்காரர் செம்பனை ஆலையில் ஷிப்ட் வேலை. பிள்ளைக்குச் சட்டை, டயபர், போர்வை எல்லாம் ஆளாளுக்கு வாங்கிக் குவித்துவிட்டார்கள். நான் அம்மா அப்பாவுக்கு உதவுகிற மாதிரி ஏதாவது கொடுக்க நினைக்கிறேன். கையில் 200 வெள்ளி இருக்கிறது. என்ன வாங்கலாம்?"

கடையில் எதுவும் வாங்க வேண்டாம் என்பதே என் பதில். அந்த 200 வெள்ளியை எட்டாகப் பிரித்து, வாரத்துக்கு இரண்டு முறை, நான்கு வாரத்துக்கு, அந்த இருவருக்கும் சமைத்த கறி கொண்டுபோய்க் கொடுங்கள். அதையும் பிள்ளை பிறந்த உடனே தொடங்காமல், உதவிக்கு வந்திருக்கும் பெரியவர் ஊருக்குத் திரும்பிய மறுநாள் தொடங்குங்கள். இதோடு சனிக்கிழமை காலையில் இரண்டு மணி நேரம் உங்களால் ஒதுக்க முடியுமானால் அதுவே போதும்.

சுங்கை சிப்புட் வட்டாரத்துத் தோட்டப்புறங்களில் சமூகத் தாதியாகப் பல ஆண்டுகள் வேலை பார்த்தவள் நான். பிள்ளை பெற்றவர்களை வீட்டுக்கே போய்ப் பார்ப்பது எங்கள் வேலையில் பெரும் பகுதி. முதல் சில நாட்கள் அடுத்தடுத்துப் போவோம். பிறகு இடைவெளி விட்டு இருபதாம் நாள் வரையில் போவோம். தையலைப் பார்ப்போம், இரத்த அழுத்தம் எடுப்போம், பிள்ளைக்கு மஞ்சள் காமாலை இருக்கிறதா, பால் இறங்குகிறதா என்று பார்ப்போம். அப்படிப் போகிற வீடுகளில் நான் திரும்பத் திரும்பக் கண்ட காட்சி ஒன்று உண்டு. அலமாரி மேல் பிரிக்காத பரிசுப் பெட்டிகள் கூரையைத் தொடும். குசினியில் அடுப்பு காலையிலிருந்து பற்றவைக்கப்படாமல் இருக்கும். பிற்பகல் மூன்று மணிக்குத் தாய் ஒரு கையில் பிள்ளையை அணைத்துக்கொண்டு மறுகையால் பிஸ்கட்டைத் தேநீரில் தொட்டுச் சாப்பிட்டுக்கொண்டிருப்பாள். "மதியம் என்ன சாப்பிட்டாய்?" என்று கேட்டால், "இதுதாங்கா" என்பாள். இது பெரும்பாலும் மூன்றாம் வாரத்துக் காட்சி, முதல் வாரத்தில் நான் அதிகம் கண்டதில்லை.

அதற்குக் காரணம் உண்டு. 2023 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்த மலேசிய வேலைச் சட்டத் திருத்தத்தின்படி தனியார் துறையில் வேலை செய்யும் தாய்க்கு 98 நாள் பிரசவ விடுமுறை உண்டு. அதே திருத்தம் மணமான தந்தைக்குத் தருவது 7 நாள். அதுவும் தொடர்ச்சியாக எடுக்க வேண்டிய 7 நாள். ஆப்பரேஷன் செய்தவளை வழக்கமாக இரண்டு மூன்று நாள் மருத்துவமனையில் வைத்திருப்பார்கள் என்பதால், அந்த ஏழில் பாதி வார்டுக்கும் வீட்டுக்கும் அலைவதிலேயே கரைந்துவிடும். அவர் வேலைக்குத் திரும்பும்போது மாமியாரோ அம்மாவோ வீட்டில் இருப்பார். ஆனால் இன்று அந்த அம்மாமாரில் பலர் தாங்களும் வேலைக்குப் போகிறவர்கள், அல்லது வேறு மகளின் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிறவர்கள். பதினாறாம் நாள் சடங்கு முடிந்ததும் பலர் கிளம்பிவிடுகிறார்கள். பார்க்க வருகிற கூட்டமும் அந்தச் சடங்கோடு வடிந்துவிடும். ஆப்பரேஷன் செய்த வயிறு ஓரளவு தேற ஆறு வாரம் பிடிக்கும். அதுவரை பிள்ளையைவிடக் கனமான எதையும் தூக்க வேண்டாம் என்றுதான் சொல்லி அனுப்புவார்கள். ஆக, உதவி முடிகிற நாளுக்கும் உடம்பு தேறுகிற நாளுக்கும் நடுவே மூன்று நான்கு வாரம் ஆளில்லாமல் நிற்கிறது. உங்கள் பணம் போய்ச் சேர வேண்டிய இடம் அந்த இடைவெளிதான்.

உங்கள் தோழியின் வீட்டையே வைத்துக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். மாமியார் பதினாறாம் நாள் முடிந்து ஒரு திங்கட்கிழமை கிளம்புகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் முதல் சாப்பாடு செவ்வாய்க்கிழமை, அடுத்தது வெள்ளி. அதே வரிசையில் நான்கு வாரம் போனால் எட்டு முறை. ஒரு முறைக்கு 25 வெள்ளி. வெள்ளிக்கிழமை அவர்கள் வீட்டில் மரக்கறி என்றால் அந்த நாளை வியாழனாக மாற்றிக்கொள்ளுங்கள். ஒவ்வொரு முறையும் இரண்டு பெரியவர்களுக்கு இரண்டு வேளைக்கான கறியைக் கொடுத்தால், அவர்கள் அதை அன்று மதியமும் இரவும், அல்லது அன்றிரவும் மறுநாள் மதியமும் சாப்பிட்டுக்கொள்ளலாம். ஒரு நடுத்தரக் கோழி, ஒரு கட்டுக் கீரை, கொஞ்சம் பருப்பு, வெங்காயம், பூண்டு, எண்ணெய் எல்லாம் சேர்த்து நீங்களே சமைத்தால் 25 வெள்ளிக்குள் ஏறக்குறைய அடங்கிவிடும். கடையில் வாங்கினால் அதே பணத்துக்கு அளவு குறையும், எண்ணெயும் உப்பும் கூடும். சமைக்க முடியாதவராக இருந்தால் உங்கள் பக்கத்தில் வீட்டுச் சாப்பாடு செய்து விற்கும் அக்கா ஒருவரிடம் எட்டு நாளுக்கும் முன்கூட்டியே சொல்லிப் பணத்தைக் கட்டிவிடலாம். அதில் குறை ஒன்றும் இல்லை.

சோறு கொண்டுபோக வேண்டாம். இதைச் சொன்னால் சிலருக்கு வியப்பாக இருக்கும். சோறு வடிக்க அவர்களுக்கு ரைஸ் குக்கர் இருக்கிறது. அரிசியைக் களைந்து பொத்தானை அழுத்துவது ஒரு கையால்கூட முடிகிற வேலை. முடியாதது கோழியைக் கழுவி வெட்டுவதும், வெங்காயம் உரிப்பதும், அடுப்பருகே நாற்பது நிமிடம் நிற்பதும், பிறகு சட்டி தேய்ப்பதும்தான். அதோடு சோற்றில் ஒரு தனி ஆபத்தும் உண்டு. வேகவைத்தாலும் சாகாத நுண்ணுயிர் வித்துகள் அரிசியில் இருக்கும். வடித்த சோறு நம் ஊர் வெப்பத்தில் சில மணி நேரம் கிடந்தால் அவை முளைத்துப் பெருகி நஞ்சை உண்டாக்கும். அந்த நஞ்சு மறுபடி சூடு பண்ணினாலும் போகாது. எனவே சோறு அவர்கள் வீட்டில் சுடச்சுட வடிக்கட்டும். கறி மட்டும் உங்களிடமிருந்து போகட்டும்.

கறியிலும் தேர்வு இருக்கிறது. தேங்காய்ப்பால் ஊற்றிய குழம்பு ருசியாக இருந்தாலும் இந்த வெயிலில் முதலில் கெடுவது அதுதான், அதைத் தவிர்த்துவிடுங்கள். புளி கரைத்த மீன் குழம்பு, மிளகுக் கோழி, பூண்டுக் குழம்பு, கீரை போட்ட பருப்பு, முட்டைப் பொரியல், நெத்திலி வறுவல் ஆகியவை தாங்கும். அடுப்பிலிருந்து இறக்கிய இரண்டு மணி நேரத்துக்குள் ஒன்று சாப்பிட்டிருக்க வேண்டும், அல்லது குளிர்சாதனப் பெட்டிக்குள் போயிருக்க வேண்டும் என்பது நீங்கள் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டிய ஒரே கணக்கு. காலை ஒன்பதுக்குச் சமையல் முடிந்தால் பதினொன்றுக்குள் அவர்கள் வீட்டுக் குளிர்சாதனப் பெட்டிக்குள் இருக்க வேண்டும். இரவுக்கு உரிய பங்கைத் தனி டப்பாவில் போட்டு, மேலே நாளை எழுதி ஒட்டுங்கள்; எடுத்து ஒரே ஒரு முறை கொதிக்கக் கொதிக்கச் சூடு பண்ணினால் போதும். ஒரே பெரிய பாத்திரத்தில் கொடுத்தால் மதியம் ஒரு முறை, இரவு ஒரு முறை, மறுநாள் ஒரு முறை என்று முழுக் குழம்பும் சூடேறிச் சூடேறி ஆறும். கெட்டுப்போவதற்கு அதைவிடச் சுலபமான வழி இல்லை.

டப்பா என்றதும் சொல்ல வேண்டியது, தூக்குச்சட்டியில் கொடுக்காதீர்கள். திருப்பி வாங்கத் தேவையில்லாத தாபாவ் டப்பாக்களில் கொடுங்கள். நம் வீடுகளில் வந்த பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பி அனுப்ப மாட்டார்கள். சீனியோ வாழைப்பழமோ போட்டுத்தான் கொடுப்பார்கள். அரைத் தூக்கத்தில் இருக்கும் ஒருத்தி உங்கள் நான்கு அடுக்குத் தூக்கைத் தேய்த்துக் காயவைத்து, அதில் போட என்ன இருக்கிறது என்று தேடும்படி ஆக்குவது உதவியாகாது. வந்தால் உட்கார வேண்டாம். பின்பக்கக் குசினி வாசலில் கொடுத்துவிட்டு அப்படியே திரும்புங்கள். கேட்டில் மாட்டிவிட்டுப் போவது நகரத்து அடுக்குமாடிக்குச் சரி. தோட்டத்து லைன்களில் குரங்கு உங்கள் கோழிக் குழம்பை உங்களுக்கு முன்பே ருசி பார்த்துவிடும்.

இனிப் பத்தியம். நீங்கள் சமைப்பதற்கு முன்பே இந்தப் பேச்சு வந்தே தீரும் என்பதால் உறுதியாகத் தெரிந்ததையும் தெரியாததையும் பிரித்துச் சொல்கிறேன். பால் கொடுக்கும் தாய்க்கு வழக்கத்தைவிட நாளொன்றுக்கு ஏறக்குறைய 500 கலோரி கூடுதலாகத் தேவை என்பது உறுதி. தண்ணீரைக் குறைக்கச் சொல்வது தவறு என்பதும் உறுதி. தண்ணீர் குறைந்தால் மலச்சிக்கல் வரும், தையல் போட்ட வயிறோடு முக்குவது எத்தனை துன்பம் என்று சொல்லத் தேவையில்லை. ஆப்பரேஷன் செய்தவர்களுக்குக் காலில் இரத்தம் உறையும் ஆபத்து ஏற்கெனவே கூடுதல். உடம்பில் நீர் வற்றினால் அது இன்னும் கூடும். மீன், முட்டை, பழம், காய்கறி எதையும் சிக்கலில்லாத பிரசவத்துக்குப் பிறகு விலக்கத் தேவையில்லை என்பதும் உறுதியே. பூண்டு, வெந்தயம், முருங்கைக்கீரை, சுறாப்புட்டு ஆகியவை பாலைக் கூட்டும் என்பது அப்படி உறுதியானதல்ல. சிலவற்றைச் சிறிய அளவில் ஆராய்ந்திருக்கிறார்கள், முடிவுகள் ஒன்றுபோல் வரவில்லை. பாலைக் கூட்டுவதில் ஐயமில்லாதது, பிள்ளையைச் சரியாகப் பிடித்து அடிக்கடி ஊட்டுவதுதான். ஆனாலும் சுறாப்புட்டு புரதம், முருங்கைக்கீரை கீரை. சமைத்துக் கொடுத்தால் வயிறும் நிறையும், மாமியார் மனமும் குளிரும். எனவே சுடுசோற்றோடு பூண்டுக் குழம்பா அல்லது வேறா என்ற விவாதத்தில் நீங்கள் இறங்க வேண்டாம். அந்த வீட்டுப் பெரியவரை ஒரு முறை அழைத்து, "என்னென்ன சேர்க்கலாம் அத்தை?" என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். அவர் விலக்கச் சொல்வதை விலக்கிவிட்டுச் சமைத்தாலும் போதிய உணவு கொடுக்க முடியும். தண்ணீர் விஷயத்தில் மட்டும் ஒத்துப்போகாதீர்கள். டப்பாவோடு ஒரு சூப்போ இரசமோ சேர்த்துக் கொடுத்துவிட்டால் சண்டையில்லாமல் அந்தக் காரியம் நடந்துவிடும்.

தாயிடம் கேட்டே ஆக வேண்டிய கேள்வி ஒன்றும் உண்டு. கர்ப்பத்தில் இனிப்புநீர் இருந்ததா, இரத்த அழுத்தம் இருந்ததா என்பதே அது. நம் பெண்களில் இவை இரண்டும் பரவலாக வருகின்றன. இனிப்புநீர் இருந்தவருக்குப் பலகாரப் பெட்டி, கேக், மால்ட் பானம் எதுவும் உகந்த பரிசல்ல. பிள்ளை பிறந்ததோடு அது பெரும்பாலும் இறங்கிவிடும் என்றாலும், ஆறாம் வாரத்தில் மறுபடி சீனிப் பரிசோதனை செய்து பார்க்கச் சொல்வோம். அழுத்தம் இருந்தவருக்குப் பிரசவத்துக்குப் பிறகும் சில வாரம் ஏறியிருக்கக்கூடும். அவருக்குக் கருவாடும் ஊறுகாயும் வேண்டாம், நெத்திலியைக்கூடக் கழுவி உப்பைக் குறைத்து வறுங்கள். இரத்தச் சோகைக்கு இரும்புச்சத்து மாத்திரை கொடுத்திருந்தால், சாப்பாட்டோடு தேநீர் குடிப்பது அந்தச் சத்து உடம்பில் சேர்வதைக் குறைக்கும். பிஸ்கட்டும் தேநீரும் சாப்பாடாகிவிடக் கூடாது என்று நான் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

"உனக்கு என்ன வேண்டும்?" என்று கேட்காதீர்கள். "ஒன்றும் வேண்டாங்கா, நீங்கள் வந்தாலே போதும்" என்ற பதில்தான் வரும். புலனத்தில் இப்படி அனுப்புங்கள்: "வர்ற செவ்வாய் பதினொரு மணிக்குக் கறி கொண்டாறேன். கோழியா, மீனா? உள்ளே வர மாட்டேன், பின்வாசல்ல வாங்கிக்க." நாளும் நேரமும் முடிவாகிவிட்டதால் அவள் ஒரு சொல்லில் பதில் எழுதினால் போதும். இன்னொரு நல்ல பயன், அலுவலகத்தில் மற்ற தோழிகளும் சேர விரும்பினால் செவ்வாயும் வெள்ளியும் உங்களுடையது, புதன் இன்னொருவருடையது என்று பிரித்துக்கொள்ளலாம். எல்லோரும் ஒரே சனிக்கிழமையில் ஐந்து சட்டி கோழிக்கறியோடு போய் நிற்பதை நான் பார்த்திருக்கிறேன். பாதி குப்பைக்குத்தான் போகும்.

இரண்டாவது பரிசு தூக்கம். இதில் ஆசைக்கும் நடப்புக்கும் இடையே தூரம் இருப்பதால் கொஞ்சம் பொறுமையாகச் சொல்ல வேண்டும். பிறந்த பிள்ளை ஒரு நாளில் எட்டு முதல் பன்னிரண்டு முறை பால் குடிக்கும். அப்படியானால் ஒரு முறைக்கும் அடுத்ததற்கும் இரண்டு மூன்று மணி நேரந்தான்; அதிலும் ஊட்டி, ஏப்பம் விடவைத்து, துணி மாற்றி, தூங்கவைக்கவே முக்கால் மணி போய்விடும். தாய்க்குக் கிடைப்பது துண்டு துண்டான தூக்கம். "ராத்திரி நான் பார்த்துக்கொள்கிறேன், புட்டிப்பால் கொடுத்துக்கொள்ளலாம், நீ முழு இரவும் தூங்கு" என்று சிலர் அன்போடு சொல்வார்கள். முதல் சில வாரங்களில் அது நல்லதல்ல. மார்பு பால் நிரம்பிக் கட்டிக்கொண்டு வலிக்கும். பலமுறை தவறவிட்டால் பால் சுரப்பும் குறையக்கூடும். எனவே நீங்கள் கொடுக்கக்கூடியது ஊட்டலுக்கும் ஊட்டலுக்கும் நடுவே உள்ள நேரத்தைத் தாய்க்கே முழுதாக்கிக் கொடுப்பது.

சனிக்கிழமை காலை எட்டு மணிக்குப் போங்கள். அவள் பாலூட்டி முடித்ததும் பிள்ளையை நீங்கள் வாங்கிக்கொள்ளுங்கள். ஏப்பம், துணி, தாலாட்டு எல்லாம் உங்கள் பொறுப்பு. அவள் அறைக்குள் போய்க் கதவைச் சாத்தட்டும். கைத்தொலைபேசியை உங்களிடம் கொடுத்துவிட்டுப் போகட்டும். பிள்ளை வாயைத் திறந்து தேடினாலோ கையைச் சப்பினாலோ எழுப்பிக் கொண்டுபோய்க் கொடுங்கள், குடித்ததும் மறுபடி வாங்கிவந்துவிடுங்கள். பத்து மணி வரை இப்படி. வீட்டுக்காரருக்கு இரவு ஷிப்ட் என்றால் அன்று காலை அவரும் அதே நேரத்தில் தூங்கட்டும். விடியவிடிய ஆலையில் நின்றுவிட்டு மோட்டாரில் வரும் மனிதன், வீட்டிலும் தூங்காமல் மறுநாள் இரவு மறுபடி மோட்டாரில் ஏறுவதைப் பற்றி யாரும் கவலைப்படுவதில்லை. பெற்றவள் களைத்திருப்பது எல்லோர் கண்ணுக்கும் தெரியும், பெற்றவன் களைத்திருப்பது தெரியாது. உங்களுக்குச் சளி, இருமல், காய்ச்சல் எதுவாக இருந்தாலும் அந்த வாரம் போக வேண்டாம். பிள்ளை தூங்கினால் சமமான, கெட்டியான படுக்கையில் மல்லாக்கப் படுக்கவையுங்கள். மடியில் வைத்துக்கொண்டு நாற்காலியில் நீங்களும் கண்ணயர்ந்துவிடக் கூடாது.

காடி இருக்கிறதா என்று நீங்கள் சொல்லவில்லை. இருந்தால் அதற்கும் வேலை உண்டு. மஞ்சள் காமாலைக்காக முதல் இரண்டு வாரத்தில் சில பிள்ளைகளை மீண்டும் மீண்டும் இரத்தப் பரிசோதனைக்குக் கிளினிக்குக்கு வரச் சொல்வோம். தையல் போட்ட பெண்ணும் பச்சைப் பிள்ளையும் மோட்டாரில் போகக்கூடாது. டாக்சிக்குத் தோட்டத்திலிருந்து சொல்லி வரவழைப்பதும் எளிதல்ல. உறவினர் காடி வைத்திருந்தாலும் வேலைநாளில் வரமாட்டார். அப்போது ஒரு முறை காடியில் கூட்டிக்கொண்டு போய்க் கொண்டுவருவது, எட்டு முறை கொடுக்கும் கறிக்கும் ஈடாகும். தீபகற்பத்தில் பிறப்பைப் பதிய 60 நாள் அவகாசம் இருக்கிறது. கடைசி வாரம்வரை தள்ளிப்போடுகிறவர்கள் அதிகம் என்பதால் அந்த நாளையும் நினைவில் வைத்துக்கொண்டு, தந்தையைப் பதிவு அலுவலகத்துக்கு ஏற்றிச் செல்வதாகச் சொல்லலாம்.

இனி வாங்கக் கூடாதவை. பலர் பெற்றவளுக்கென்று நினைத்து வாங்குவது மது கலந்த மூலிகை டானிக்கும் பிரண்டியும். உடம்புக்குச் சூடு என்ற பெயரில் நம் தோட்டங்களிலும் சீனர் வீடுகளிலும் இது பழகிப்போன பரிசு. குடிக்கிற மது பாலில் கலக்கும் என்பது உறுதி. காயம் ஆறவோ பால் சுரக்கவோ அது உதவாது. லேகியத்திலும் மூலிகைப் பொட்டலத்திலும் சுகாதார அமைச்சில் பதிந்தவைக்கு MAL என்று தொடங்கி, இலக்கங்களுக்குப் பின் T என்ற எழுத்து வரும் எண் இருக்கும். அது இல்லாமல் சாக்குப்பையிலும் புட்டியிலும் வருபவற்றில் என்ன இருக்கிறது என்று வாங்குகிறவருக்கும் தெரியாது, விற்கிறவருக்கும் தெரியாமல் இருக்கலாம். ஆப்பரேஷனுக்குப் பிறகு இரத்தம் உறையாமலிருக்க ஊசி போட்டுக்கொண்டிருக்கும் பெண்ணுக்கு மூலிகை எதுவும் மருத்துவரைக் கேட்காமல் தரக்கூடாது.

உருவிவிடும் அம்மாவுக்குப் பணம் கட்டுவதும் இன்று பரிசாகிவிட்டது. தலைக்கும் முதுகுக்கும் கைகளுக்கும் உருவிவிட்டால் நிம்மதியாக இருக்கும். அதை நான் தடுப்பதில்லை. ஆப்பரேஷன் செய்தவளின் வயிற்றைத் தொடக்கூடாது. துணியை இறுக்கிக் கட்டுவதற்கும் மருத்துவர் சரி என்று சொல்லும்வரை காத்திருக்க வேண்டும். இதில் எல்லாவற்றையும்விட முக்கியமானது கால். ஒரு கால் மட்டும் வீங்கி, கெண்டைக்கால் சுடுகிறது, அழுத்தினால் வலிக்கிறது என்றால் அதைக் களைப்பு என்று உருவிவிடவே கூடாது. அது உள்ளே இரத்தம் உறைந்ததாக இருக்கலாம், உருவினால் கட்டி நகர்ந்து நுரையீரலுக்குப் போகலாம். அப்படி ஒரு காலைக் கண்டால், நெஞ்சு வலியோ மூச்சு வாங்கலோ கூட இருந்தால் இன்னும் வேகமாக, நேராக அவசரப் பிரிவுக்குக் கொண்டுபோங்கள்.

வாரத்துக்கு இரண்டு முறை பின்வாசலுக்குப் போகிற ஆளுக்கு வேறு சிலவும் கண்ணில் படும். பிள்ளை பிறந்து மூன்று நான்கு நாளில் காரணமில்லாமல் அழுவதும் எரிந்து விழுவதும் பலருக்கு உண்டு. இரண்டு வாரத்துக்குள் அது தானே தணிந்துவிடும். அதற்குப் பிறகும் நாள் முழுக்க வாடிய முகம், பிள்ளை தூங்கும்போதும் தூக்கம் வராதது, கொண்டுபோன டப்பா திறக்காமலே கிடப்பது, பிள்ளையிடம் ஒட்டுதல் இல்லாதது, "நான் இல்லாவிட்டால் இவர்கள் நிம்மதியாக இருப்பார்கள்" என்ற பேச்சு ஆகியவை வேறு கதை. இது தந்தைக்கும் வரலாம். கிளினிக்கில் பத்துக் கேள்விகள் கொண்ட ஒரு தாளை நிரப்பச் சொல்லி எங்களால் ஓரளவு கணிக்க முடியும். நோயை உறுதிசெய்வது மருத்துவரின் வேலை. நீங்கள் அறிவுரை சொல்ல வேண்டாம், "நாளைக் காலை நானும் கூட வருகிறேன், கிளினிக்குக்குப் போய்வருவோம்" என்று நாளைக் குறித்துச் சொல்லுங்கள். காலை எட்டு முதல் நள்ளிரவு வரை சுகாதார அமைச்சின் உதவித் தொலைபேசி 15555 என்ற எண்ணில் இருக்கிறது. தன்னையோ பிள்ளையையோ வருத்திக்கொள்ளும் பேச்சு வந்தால், அல்லது இல்லாததைப் பார்ப்பதாகவும் கேட்பதாகவும் சொன்னால் மறுநாளுக்குக் காத்திருக்காமல், தனியே விடாமல், அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

மாமியார் உண்மையில் எத்தனை நாள் தங்குகிறார் என்பதை முதலில் கேட்டு உறுதிசெய்துகொள்ளுங்கள். நாற்பது நாள் இருப்பார் என்றால் உங்கள் செவ்வாய்க்கிழமைகளையும் அதற்கு ஏற்றாற்போல் தள்ளிவையுங்கள். அவர் இருக்கும்போதே தொடங்கினால், நம் சமையலில் என்ன குறை என்று அவர் மனம் சுணங்கலாம். அந்த நாட்களில் சனிக்கிழமைக் காலையை மட்டும் கொடுங்கள். அதில் சுணங்கிய மாமியாரை நான் இதுவரை பார்த்ததில்லை, அவருக்கும் அந்த இரண்டு மணி நேரம் தூக்கம் கிடைக்கும்.